கேள்வி வராத அழைப்பு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அலுவலகக் கடிதம் ஒன்று வந்தால் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு, விளக்கம் கேட்டு, நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்குவார். அதனால்தான் ஆட்சேர்ப்பு நிறுவனத்தில் சேர்ந்ததும், நேர்முகத் தேர்வு அழைப்புகளை யாரும் திருப்பிக் கேட்கத் தேவையில்லாதபடி எழுதப் பழகினேன்.

பக்கத்துப் பகுதியான வில்லரேயில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வரவேற்பு எழுத்தர் தேவைப்பட்டார். நாள், நேரம், எந்தக் கதவால் வருவது, எல்லாம் எழுதினேன். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வாய்மொழிக் கேள்விகள் மட்டும். எழுத்துத் தேர்வு இல்லை. கேட்பவர்கள் இல்லத்தின் நிர்வாகியும் எங்கள் மேலாளரும். அடையாள அட்டை, படிப்புச் சான்றிதழ், முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்க இருவரின் விபரம் கொண்டுவர வேண்டும். தொடர்புக்கு என் பெயரும் இலக்கமும்.

மேலாளரும் எங்கள் ஆள்தான். எனக்கு வேலை தந்தவர். வாசித்துவிட்டு, "அச்சா! இனி ஒருத்தரும் உனக்கு ஃபோன் அடிக்க மாட்டினம். நித்திரை கொள்ளலாம்" என்றார்.

விண்ணப்பித்தவர்களில் எங்கள் மேல்மாடி அக்காவும் ஒருவர். டெபனர் என்ற மூலைக்கடையில் காசாளராக நின்று நின்று கால் வீங்கியவர். அவரைத் தெரியும் என்று மேலாளரிடம் முதலே சொல்லியிருந்தேன். படியில் கண்டபோது அக்கா சொன்னார்: "தம்பி, உம்மட்டை ஒண்டும் கேக்க மாட்டன். பேந்து உமக்குத்தான் கரைச்சல். கடிதத்திலை எல்லாம் கிடக்குத்தானே."

தேர்வன்று காலை மேலாளர் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். பிரெஞ்சில் கடிதம் எழுதும் பயிற்சி. அகராதி பார்க்கலாம்.

"அண்ணை, எழுத்துத் தேர்வு இல்லையெண்டெல்லோ போட்டனான்?"

"நிர்வாகி இப்பதான் சொன்னவ. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே."

"அப்ப வேறை நாள் வைப்பம். புதுசா ஒரு அழைப்பு அனுப்புறன்."

"உன்ரை கடிதம் என்ன வேதமே? குடு, குடு."

கொடுத்தேன். அக்கா தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் அப்படித்தான். ஒரு பெண் மட்டும் கைப்பையிலிருந்து தடித்த பிரெஞ்சு அகராதியை எடுத்து மேசையில் வைத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு யார் அகராதி சுமந்து வருவார்கள்? உள்ளே வரும்போது அவளிடம்தான் மேலாளர், "மாமி சுகமே?" என்று கேட்டிருந்தார்.

போகும்போது அக்கா கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியாது அக்கா. காலமைதான் எனக்கே தெரியும்."

"ஓம், ஓம்," என்றார். அவர் நம்பவில்லை என்று விளங்க அந்த 'ஓம்' எனக்குப் போதும்.

வேலை அகராதிக்காரிக்குக் கிடைத்தது. மேலாளரிடம் நேரே கேட்டேன். "சொந்தக்காரப் பிள்ளை, அகராதி கொண்டு வா எண்டு ஒரு சொல்லுச் சொன்னன். அதுக்கு இவ்வளவு கதையே?" என்றார்.

அடுத்த அழைப்பில் தொடர்பு என்ற இடத்தில் அவருடைய பெயரைப் போட்டேன். அவர் அதை அழித்து என் பெயரை எழுதினார்.

"உன்ரை பேர் கிடக்கட்டும். சனம் உன்னைத்தான் நம்புது."