திரைக்கு முதுகு காட்டி

திரையில் ஒருவன் குத்துப்பட்டு விழும்போது நீங்கள் கைதட்டியிருக்கிறீர்களா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லாதீர்கள். தடா அக்கா உங்களைப் பார்த்திருக்கக்கூடும். எங்கள் திரைப்படக் கழகத்தில் விளக்கு அணைந்ததும் அவர் மட்டும் முன்வரிசை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். திரைக்கு முதுகு, பார்வையெல்லாம் நம் முகங்களில்.

வேலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஞாயிறு மதியங்களில் வீட்டு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கழகத்துக்கான படங்களைச் சலித்தெடுப்பார். வருகிற படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இம்முறை, குற்றம் செய்தவனே சொல்லும் கதைகள். அக்கா முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கொலைக் காட்சியைப் பார்த்தார். "மியூசிக்க எடுத்துடு. இப்பவும் அவன் பெரிய ஆளா தெரியறானா?" ஸ்லோ மோஷனில் ரத்தம் பூவாகச் சிதறினால் படம் வெளியே. காலடியிலிருந்து கேமரா நிமிர்ந்து கொலைகாரனைக் கோபுரமாக்கினாலும் வெளியே. "குத்துனவன் மூஞ்சிய மூணு பக்கத்துலேர்ந்து காட்டறான். குத்துப்பட்டவன் மூஞ்சி எங்கடா?"

செயலாளர் ஒரு படத்துக்காக மன்றாடினார். "அக்கா, இதப் போட்டா ஹால் ரொம்பிடும். கடைசில அவனுக்குத் தண்டனையும் உண்டு."

"ரெண்டு மணி நேரம் தோள்ல தூக்கி வச்சு ஆடுவீங்க. கடைசி அஞ்சு நிமிஷம் தூக்குல போட்டா நியாயம் ஆயிடுமா? போய் டீ சொல்லு."

பிறவிக் குற்றவாளி என்று காட்டும் படங்கள் மீதும் அவருக்கு அதே எரிச்சல். கத்தியோடு பிறந்த குழந்தையை எந்த மருத்துவச்சியும் கண்டதில்லை. தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் பசிக்கும் அவமானத்துக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டாம், எவ்வளவு சௌகரியம்!

அக்காவின் தம்பி ஒரு கிடங்குக் காவலாளியைக் கொன்றவன். திருடப் போன இடத்தில், பிடிபடும் பயத்தில், இரும்புக் கம்பியால் அடித்தான். தண்டனை முடிந்து வந்தவன் அக்காவின் முன்னறையை விட்டு வெளியே போவதில்லை. அன்று அவனாகவே கேட்டான்: "நானும் படத்துக்கு வரட்டுமா?"

அக்கா ஆடிப்போனார். ஊரே தெரிந்து வைத்திருக்கும் முகம். அந்தக் கூட்டத்தின் நடுவே அவன் உட்கார வேண்டும். மறுநாளும் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். எந்தப் படம் அதற்கு இடம் கொடுக்கும்? கடைசியில் ஒன்றைப் பிடித்தார். அடிபட்டு வளர்ந்த பையன், வேலை கொடுக்க ஆளில்லாத ஊர், ஒரு கொலை, பிறகு தாயின் மடியில் நீண்ட அழுகை. அவருடைய சோதனைகளில் எல்லாம் தேறிவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. தம்பியோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தார், அவரே அழுதார்.

தம்பி அழவில்லை. "இதுல அவன் அழறான், நீ அழற, அவங்கம்மா அழறாங்க. செத்தவன் வீட்ல யாருமே அழலையா?"

"அது… அவன் கதைடா இது."

"அவன் கதைதான். ஆனா அவன் ராத்திரி கண்ண மூடினா அந்த ஆளுதான வருவாரு? எனக்கு வர்றாரே. என்னைக் காப்பாத்தணும்னு படம் தேடாதக்கா."

காரணம் வேறு, மன்னிப்பு வேறு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் வீட்டுக்குள் இரண்டையும் குழப்பியிருந்தார். அந்தப் படத்துக்கும் தடை விழுந்தது.

கடைசியில் தேர்ந்தது ஓர் ஆரவாரமில்லாத படம். பூட்டு பழுதுபார்ப்பவன் ஒருவன் திருடப் போகிறான். கொலை கதவுக்குப் பின்னால் நடக்கிறது. கேமரா நடைபாதையில் நின்றுவிடுகிறது. பிறகு அவன் தரையைத் துடைக்கிறான், வெகுநேரம். கறை போய்விட வேண்டுமே என்று நாமும் பதறுகிறோம். அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மனம் வேண்டும்போதே, என்ன வேண்டினோம் என்று கூசுகிறது. அவனுக்குப் பசிக்கிறது. இறந்தவனின் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறான். உள்ளே, துணியில் சுற்றி, இரண்டு கரண்டிகள். இறந்தவன் யாரோடோ பகிர்ந்து சாப்பிடுகிறவன். பூட்டுக்காரன் அதைச் சாப்பிடுகிறான்.

திரையிடல் அன்று தம்பி வந்தான். அவனுக்கு இரு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அக்கா வழக்கம்போலத் திரைக்கு முதுகு காட்டி அமர்ந்தார். டப்பா திறக்கும் ஒலி கேட்டது. யாரும் கைதட்டவில்லை. தம்பி தலையைக் குனியவில்லை. திரையின் வெளிச்சத்தில் அவன் முகம் முழுதாகத் தெரிந்தது.

அத்தனை பேரின் முகங்களையும் அத்தனை காலம் சளைக்காமல் படித்த அக்கா எழுந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கித் திரைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் விட்ட வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒருவன் விழுந்து, அரங்கில் விசில் பறக்கும்போது, தயவுசெய்து ஒரு தடவை திரும்பிப் பின்வரிசை முகங்களைப் பாருங்கள். முதலில் உங்கள் கைகளைப் பாருங்கள்.