விடுமுறை அல்ல, விசா

அப்பாவின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று அமெரிக்க மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்:

"வேலை அனுமதியை அமெரிக்காவிலேயே நீட்டித்துவிட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்ட நான் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டியிருந்தது. சென்னை அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நேர்காணல் முடிந்தது. கூடுதல் விசாரணை என்று பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். திரும்பிவர இன்னும் சில வாரங்கள் ஆகலாம். மன்னிக்கவும்."

"கவலை வேண்டாம், விடுமுறையை அனுபவியுங்கள்!" என்று பதில் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுமுறையா? அங்கே என் மனைவி கைக்குழந்தையோடு தனியாகக் கிடக்கிறாள். இங்கிருந்து வேலை பார்க்கவும் கம்பெனி விடாது.

"என்னய்யா சொன்னாக?" என்றார் அப்பா.

"லீவ நல்லா அனுபவிக்கச் சொன்னாக."

"பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சுக்கிட்டா?"

அவர்கள் வைத்துக்கொண்டதற்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன்? அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அதே செய்தியை மறுபடி அனுப்பினேன்.