சாம்பல் நிறத்தில் என் இரண்டாவது மகள்

என் இரண்டாவது மகளுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் இருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் உயிரோடு இருந்தது ஒரு பகலும் ஓர் இரவும். இருதயத்தில் பிறவிக் கோளாறு. சிசேரியன் முடிந்து நான் மயக்கத்தில் கிடந்தபோது கணவர் அந்தப் படத்தை எடுத்து எனக்கு அனுப்பினார். பிறகு தன் போனிலிருந்து அழித்துவிட்டார். படத்தில் அவள் உதடும் நகங்களும் நீலமாக இருக்கும்.

என்னால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மூத்தவள் குளித்து நடுங்கி வந்தால்கூட முதலில் அவள் உதட்டைத்தான் பார்ப்பேன்.

அழுதழுது கண் கூசியதால் ஒருநாள் போனின் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய், டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் என்ற பகுதியில் ஸ்மார்ட் இன்வர்ட்டைப் போட்டேன். வெள்ளைத் திரை கறுத்து, கறுப்பு எழுத்து வெளுத்தது. அவளும் மங்கிப்போவாள் என்று நினைத்துப் படத்தைத் திறந்தேன். சுற்றிலும் எல்லாம் தலைகீழாக மாறியிருக்க, அவள் மட்டும் அப்படியே இருந்தாள், அதே நீலத்தோடு. படங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுவதுதான் அதன் வேலை என்று பிறகு தெரிந்தது. பக்கத்திலிருந்த கிளாசிக் இன்வர்ட்டைத் தொட்டேன். அது படத்தையும் விடவில்லை. குழந்தையின் முகம் நெகட்டிவ் போலாகி, உதடு ஆரஞ்சாகத் தெரிந்தது. பதறி அணைத்தேன்.

அதே பக்கத்தில் கலர் ஃபில்டர்ஸ் இருந்தது. அதில் கிரேஸ்கேல். அதைப் போட்டதும் திரை முழுக்கச் சாம்பலாயிற்று, படங்கள் உட்பட. அவள் தூங்குகிற குழந்தையாகிவிட்டாள். அன்று நெடுநேரம் பார்த்தேன்.

படத்தையே கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சேமித்திருக்கலாம். அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஃபில்டர் என் போனின் திரைக்குத்தான். அவள்மேல் கை வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

கணவர் அவளைப் பற்றிப் பேசுவதே இல்லை. இன்னொரு முறையாவது அவர் அவளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் போனை வாங்கி, முதலில் அதிலும் கிரேஸ்கேலைப் போட்டுவிட்டு, அப்புறம் படத்தை அனுப்பி நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. விரலால் திரையின் ஓரத்தைத் தடவினார்.

"தூங்குறா மாதிரியே இருக்கால்ல?" என்றேன்.

"ம். இருக்கட்டும். அழிச்சிடாத" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில், ஃபில்டரைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் அவருக்கு நிறம் பார்க்கும் வேலை. சாயம் ஏறிய தோல் கேட்ட ஷேடில் வந்திருக்கிறதா என்று பார்த்து, படமெடுத்து அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலை வேலையிடத்திலிருந்து அவர் போன் செய்தார்.

"இன்னா பண்ண என் போன? டான் கலர், பிரௌன் கலர் எல்லாம் ஒரே சாம்பலா தெரியுது. இங்க பசங்க சிரிக்கிறானுங்க, அண்ணனுக்குக் கண்ணு போய்டுச்சுன்னு."

"ஐயோ, போனுக்கு ஒண்ணும் இல்லீங்க. நான்தான் ஒரு ஃபில்டர் போட்டேன். உங்க ஸ்கிரீன்ல மட்டும்தான் அப்படி. எடுத்த படத்துல கலர் சரியாத்தான் இருக்கும், அனுப்புனா அவங்களுக்குக் கலராத்தான் போவும்."

அணைக்கும் வழியைச் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

"அணைச்சிட்டு பாப்பா படத்த மட்டும் தொறக்காதீங்க."

"ஏன்?"

"அதுலயும் கலர் அப்படியே இருக்கு."

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான்தானேம்மா எடுத்தேன். அவ கலர் எனக்குத் தெரியாதா? நேத்து நீ காட்டுனப்பவே அந்த நீலந்தான் என் கண்ணுல நின்னுச்சு. நீ சந்தோஷமா இருந்த, சும்மா இருந்துட்டேன்."

செட்டிங்ஸில் எங்கே போக வேண்டும் என்று அவரே கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். லைனைத் துண்டிக்காமல் அவர் வெளியே நடந்து போவது கேட்டது. இயந்திரச் சத்தம் குறைந்தது.

"பாப்பா முடி செம்பட்டையா இருக்கு, உன்னுது மாதிரி," என்றார். "அன்னிக்கு நான் அதப் பாக்கவே இல்ல. உதட்டையே பாத்துனு இருந்துட்டேன்."

அவளுக்குச் செம்பட்டை முடி என்பது எனக்கும் தெரியாது. கலரில் பார்த்த நாட்களில் நானும் உதட்டைத் தாண்டிப் போகவில்லை; சாம்பலில் அது வெறும் கறுப்பு. போனை வைத்ததும் அக்சஸிபிலிட்டிக்குள் போய் கலர் ஃபில்டர்ஸ் வரை வந்தேன். விரலை அங்கேயே வைத்திருந்தேன். மூத்தவள் சாப்பாடு கேட்டாள். எழுந்து போனேன். நான் இன்னும் அதை அணைக்கவில்லை.