பிகாஸுக்கு நான் போட்ட தடை

தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையின் மாடியில், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இனி சொல்லப்போகிற இத்தனைக்குப் பிறகும் யாரும் என்னைத் தடுக்கவில்லை. கீழே முந்திரியும் முட்டை வெள்ளையும் வேகும் வாசனை வரும். மேலே என் ஞானம் வேகும்.

அந்தத் தேர்வில் வாக்கியங்களை இணைக்கும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு சின்ன வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றை ஒன்றாக்க எப்படித் தொடங்கலாம் என்று மூன்று தொடக்கங்களைத் தருவார்கள். பொருந்துகிறவற்றை மட்டும் குறிக்க வேண்டும். தப்பாகக் குறித்தால் கால் மதிப்பெண் கழியும். பெரும்பாலும் காரணச் சொற்களில்தான் ஆளைக் கவிழ்ப்பார்கள்: பிகாஸ், சின்ஸ், ஆஸ், ஃபார். இதற்கு என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. சின்ஸும் ஆஸும் முதலில் வரலாம். பிகாஸும் ஃபாரும் வரவே கூடாது. எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பக்கம்.

சட்டத்தை எனக்கு அருளியவர் ஆறாம் வகுப்பு வாத்தியார். அவரிடம் ஏன் என்று கேட்டால் பிரம்புதான் பதில் சொல்லும். அதனால் நான் கேட்கவில்லை. வளர்ந்தபின் கேட்டிருக்கலாம். அதற்குள் நானே வாத்தியாராகிவிட்டேன்.

முன்பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பகலில் துறைமுகச் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணினி வேலை, மாலையில் என் வகுப்பு. வயது வரம்பின்படி அந்த ஆண்டுதான் அவளுக்குக் கடைசி முறை. அவள் ஒருநாள் எழுந்து நின்றாள்.

"சார், நெட்ல ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். அதுல பிகாஸ் முதல்ல வந்தாலும் சரின்னு போட்டிருக்கான். நீங்க ஏன் சார் வராதுன்னு சொல்லுதீங்க?"

"அப்ப அவன்கிட்டயே போய்ப் படிம்மா. வராதுன்னா வராது."

வகுப்பே சிரித்தது. என் நகைச்சுவைக்கு அங்கே எப்போதும் நல்ல வரவேற்பு. வாராந்திரத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறவனும் நான்தானே. அவள் உட்கார்ந்து, நோட்டில் எதையோ அடித்தாள்.

கணினித் தேர்வில் கேள்வித்தாளைக் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆகவே எங்களைப் போன்ற பயிற்சி மையத்து மேதைகள் தேர்வு நடக்கும் கல்லூரி வாசலில் நோட்டோடு நிற்போம். வெளியே வருகிறவர்களை மடக்கி, நினைவில் இருக்கும் கேள்விகளைக் கறந்துகொள்வோம். அவள் தேர்வெழுதிய அன்றும் வெயிலில் நின்றேன். முதலில் சிக்கியவன் வேறொரு மையத்துப் பையன்.

"புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியாச்சு, படகு கடலுக்குப் போகல. இந்த ரெண்டையும் சேக்கணும் சார். புயலைச் சொல்லி ஆரம்பிக்க சின்ஸ், பிகாஸ், ஃபார் மூணும் குடுத்திருந்தான். நான் முதல் ரெண்டையும் போட்டேன்."

"பிகாஸ் எப்படிலே முதல்ல வரும்?"

"ஏன் சார் வராது? பிகாஸ் போட்டு எச்சரிக்கையைச் சொல்லிட்டு, ஒரு கமா போட்டு, படகு போகலன்னு முடிச்சா வாக்கியம் முழுசாயிருதே. ஃபார்தான் முதல்ல நிக்காது. படகு போகலன்னு சொன்ன பொறவுதான் அது காரணத்தைக் கொண்டுவரும்."

இவ்வளவுதான் விஷயம். இதை இருபது வருடமாக நான் பாதி தெரிந்து, பாதி மிரட்டி நடத்தியிருக்கிறேன்.

பிறகு அவள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சார், நம்ம கேள்வி வந்திருந்துச்சு! சின்ஸ் மட்டும்தான்னு போட்டுட்டேன்."

"ரொம்ப நல்லது" என்றேன். வேறு என்ன சொல்ல? வீட்டுக்குப் போய், அலமாரியில் அழகுக்காக வைத்திருந்த இலக்கணப் புத்தகத்தைத் தூசி தட்டித் திறந்தேன். காரணச் சொற்களுக்கான பக்கத்தின் முதல் உதாரணமே பிகாஸில்தான் தொடங்கியது.

முடிவு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் எப்படியும் தேறிவிடுவாள், நான் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவளுக்கு வாய்ப்பு போய்விட்டது. சொல்லிவிட்டுப் போகலாமென்று மாடிக்கு வந்தவளிடம், வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார், கூட எழுதினவங்க சொன்னாங்க" என்றாள். "முதல்ல ரெண்டையும்தான் கிளிக் பண்ணேன். நீங்க சொன்னதுனால பொறவு மாத்திட்டேன்."

அவள் என்னை வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அடுத்த பேட்ச்சுக்காவது மாத்திச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் பலகையில் பிகாஸைத்தான் முதலில் எழுதினேன். "இது வாக்கியத்துக்கு முதல்ல வரும்" என்றேன். அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த புதுப் பெண், ஏன் என்று கேட்காமல் எழுதிக்கொண்டாள்.