பதினான்கு நாள் மௌனம்

விண்ணப்பம் கிடைத்து ஆறு வாரங்களுக்குள் முடிவு எழுத்தில் அறிவிக்கப்படும் என்கிறது, பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பட்டப்படிப்புக்கான கைநூலின் ஒன்பதாம் பிரிவு. முப்பத்திரண்டு வருடம் பிரதேச செயலகத்தில் இருந்தவன் நான். இத்தகைய பிரிவுகளை எழுதியிருக்கிறேன், மீறியும் இருக்கிறேன். ஆனாலும் நம்பி விண்ணப்பித்தேன். இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு டொக்டர் தவணை சொல்லவில்லை. "வாசிக்கிறத இப்பவே வாசியுங்கோ" என்றார்.

விண்ணப்பத்துடன் ஒரு கட்டுரையும் கேட்டார்கள்: தாம் உடன்படாத ஒரு வாதம், அதைச் சோதித்த விதம். நான் எடுத்த வாதம் இது: மறுக்க வாய்ப்பிருந்தும் மறுக்காதவர் சம்மதித்தவரே. சேவைக்காலம் முழுவதும் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன். வீதி அகலிப்பு அறிவித்தலை ஒட்டுவோம். பதினான்கு நாளில் எவரும் எழுதாவிட்டால் கோப்பில் 'ஆட்சேபனை இல்லை' என்று நானே ஒப்பமிடுவேன்.

அப்படி மௌனமாயிருந்தவர்களைத் தேடிப் போவதுதான் சோதனை. தில்லையடியில் ஒரு முஸ்லிம் ராத்தா, தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர். அவருடைய முன்வேலியை என் ஒப்பம்தான் பிடுங்கியது.

"அறிவித்தலைப் பாத்தீங்களா ராத்தா?"

"ஓம் சேர், மகன் வாசிச்சுச் சொன்னான்."

"பிறகேன் எழுதல்ல?"

"எங்களுக்கு காணி உறுதியா இரிக்கி? வேலிக்கு எழுதப் போய் ஊட்டையும் கேட்டீங்கண்டா? ஒருக்கா எழும்பி வந்தது போதும்." பிளேன்டீயை என் முன்னால் வைத்தார். "நீங்களே ஒட்டி, நீங்களே வந்து கேக்கிறீங்க. பென்சன்ல இதுக்கும் படி தாறாங்களோ?"

என் மறுப்பு வென்றுவிட்டதென்று எண்ணினேன். உடப்புக் கரையில் ஒரு மீனவர் அதைக் கெடுத்தார். "றோட்டு வந்தா மீன் லொறி வாசலுக்கு வரும். சம்மதம்தான் ஐயா, அதுக்கேன் கடுதாசி?" அவருடைய மௌனம் உண்மையிலேயே சம்மதம்.

ஆகவே வாதம் முழுப்பொய் அல்ல என்று எழுதினேன். அறிந்திருப்பதும் அவகாசமும் போதாது. அச்சமில்லாமல் மறுக்க முடிந்தவனின் மௌனம் மட்டுமே சம்மதமாகும். மற்றவர்களின் மௌனத்தில் நான் இட்ட ஒப்பங்களை எந்தப் பிரிவின் கீழ் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் எழுதினேன்.

ஆறு வாரம் போனது. நினைவூட்டல் அனுப்பினேன், பதிவுத் தபாலில் இன்னொன்று. விண்ணப்பித்த ஐந்தாம் மாதம் வகுப்புகள் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை மாற்றினேன். பிறகு அதுவும் உதவவில்லை.

கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தைத் தபால்காரரே வாசித்தார். "நேர்முகத்துக்கு அழைத்து அனுப்பிய கடிதத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் தாங்கள் பதிலளிக்காதபடியால், விண்ணப்பத்தை மீளப்பெறத் தாங்கள் சம்மதித்ததாகக் கருதப்பட்டது." அப்படியொரு கடிதம் எனக்கு வரவேயில்லை.

"ஆட்சேபிக்கலாமெண்டு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். கீழ ஒப்பம் மட்டும்தான்."

கோப்பில் போடுவதற்காகத் திகதியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். பிறகு மேல் மூலையில் அவரையே எழுதச் சொன்னேன்: 'கிடைத்தது: நவம்பர் பத்தொன்பது.'