பத்துப் பார்சலில் மிஞ்சியது

வங்கியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், என் தங்கச்சிக்கு அது லாபம். வாரம் ஒரு தடவை கூரியர்காரர்கள் அவள் கணக்கில் பணம் போடுவார்கள். உடனே எனக்கு அழைப்பு வரும். "அக்கா, ஒம்பதாயிரம் வந்திருச்சு!" அந்த ஒன்பதாயிரத்தில் துணிக்காரருக்குப் போக வேண்டியது எவ்வளவு என்று கேட்டால், "நீ ஒருத்தி, எப்பப் பாத்தாலும் மூஞ்சத் தூக்கிக்கிட்டு" என்று போனை வைத்துவிடுவாள்.

அவள் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். நைட்டி தைத்து பேஸ்புக்கில் விற்றாள். நான் பதுளையில் ஒரு இரும்புக் கடையில் பில் போட்டுக் கணக்கு எழுதுகிறவள். ஆணி, சீமெந்து, தகரம் என்று நாள் முழுவதும் ரூபாயோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் ரூபாய் பேச எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் கணக்கை நான் பார்க்க வேண்டிய நிலை வந்தது. காரணம், அவள் கையில் இருந்த ஒரு பாஸ்போர்ட்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் மெடிக்கல் முடித்துவைத்திருந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் பயணம். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், நினைத்தால் பணம் அனுப்புவான், பெரும்பாலும் நினைக்க மாட்டான். மெஷினும் துணியும் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் தவணை, பிள்ளையின் படிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து அவளுக்கு இருபத்தைந்தாயிரம் வேண்டும்.

"போகாதடி. இந்தப் பிள்ளைய யாரு பாப்பா?" என்றேன்.

"அப்ப நைட்டில எவ்வளவு மிஞ்சுதுன்னு நீயே பாத்துச் சொல்லு. அத வச்சு நான் முடிவு பண்றேன்" என்றாள்.

நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். நாள் தவறாமல் ஓர்டர் வருகிறது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டி அவளை இங்கேயே உட்காரவைத்துவிடலாம் என்றுதான் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லயத்துக்குப் போனேன். அறையில் பாதி இடம் துணிக்கும் மெஷினுக்கும் போய்விட்டது. மீதியில் பிள்ளை படுத்துக்கொண்டு, அறுந்த லேசை வைத்துப் பொம்மைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி தன் கணக்கை ஒரே மூச்சில் சொன்னாள். நைட்டி விலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. துணி, நூல், லேஸ் எல்லாம் ஆயிரத்து நூற்றைம்பது. மீதி எண்ணூறு. "ஒன்னுக்கு எண்ணூறு, அக்கா!"

"டெலிவரி?"

"அது ஃப்ரீ."

"வாங்குறவங்களுக்கு ஃப்ரீ. உனக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். கூரியர்காரர்கள் வாங்கியவர்களிடம் காசை வசூலித்து, தங்கள் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். கழித்த தொகை அவள் கைக்கு வருவதே இல்லை. கைக்கு வராத காசை அவள் செலவாக நினைக்கவும் இல்லை. இதில் அவளைத் திட்டுவதில் நியாயம் கிடையாது. தோட்டத்தில் சம்பளமே பிடித்தம் போகத்தான் வரும். வந்ததுதான் சம்பளம் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

கூரியர்காரர்கள் அனுப்பிய விவரத்தை அவள் போனில் தேடித் திறந்தேன். ஒரு பார்சலுக்கு முந்நூற்றைம்பது. வசூலித்துத் தருவதற்கு விற்ற பணத்தில் நூற்றுக்கு மூன்று. திரும்பி வந்த பார்சலுக்கு, போன கூலியோடு இன்னும் நூற்றைம்பது. பார்சல் பையும், முகவரி ஸ்டிக்கரும், அவள் ஆசைக்கு வைக்கும் நன்றி அட்டையுமாக அறுபது.

"எத்தன திரும்பி வருது?"

"வரும்தான், கொஞ்சம்."

கொஞ்சம் என்பது பத்துக்கு மூன்று. அவள் கட்டிலுக்கு அடியில் திரும்பி வந்த பைகள் கிடந்தன. பத்து அனுப்பினால் ஏழுக்குத்தான் காசு வந்தது, பதின்மூவாயிரத்து அறுநூற்றைம்பது. கூலியோ பத்துக்கும் போனது, மூவாயிரத்து ஐந்நூறு. திரும்பியவற்றுக்கு நானூற்றைம்பது. வசூல் கூலி நானூற்றுப் பத்து. பைக்கும் அட்டைக்கும் அறுநூறு. விற்ற ஏழு நைட்டியின் துணிச் செலவு எண்ணாயிரத்து ஐம்பது. எல்லாம் போக மிஞ்சியது அறுநூற்று நாற்பது ரூபாய். பத்துப் பார்சலுக்கு. ஒன்றுக்கு அறுபத்து நான்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பைகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் ஒன்று மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. அதை இனி யாரும் வாங்க மாட்டார்கள். அந்தத் துணியின் ஆயிரத்து நூற்றைம்பதையும் கழித்தால் அறுநூற்று நாற்பது காணாமல் போய், இன்னும் ஐந்நூற்றுப் பத்து கையை விட்டுப் போயிருந்தது. அனுப்பிய ஒவ்வொரு பார்சலோடும் ஐம்பத்தொரு ரூபாயை மடித்து வைத்து அனுப்பியிருக்கிறாள். தைத்த கைக்குக் கூலி என்று ஒரு சதமும் நான் போடவே இல்லை.

அவள் பைகளை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. அவள் மேல் இல்லை. ஓர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்ட முகம் தெரியாத பெண்கள் எல்லார் மேலும். அந்த ஆத்திரத்தில் மறுநாள் கூரியர் பையனைக் கூப்பிட்டுக் கத்தினேன். பண்டாரவளையிலிருந்து எங்கள் பக்கத் தோட்டங்களுக்கு வருகிறவன் அவன்.

"அக்கா, சத்தம் போடாம கேளுங்க" என்றான். "நான் பதினொரு மணிக்கு லயத்துக்குப் போறேன். நாய் மட்டும்தான் இருக்கு. எல்லாரும் மலையில கொழுந்து எடுக்குறாங்க. போன் அடிச்சா வீட்டுக்குள்ளதான் அடிக்குது. சாயங்காலம் ஆள் இருந்தாலும், இருபதாம் தேதிக்கு மேல யாருகிட்ட காசு இருக்கு? பத்தாம் தேதி சம்பளம். பொம்பளைங்க பைய வாங்கித் தடவிப் பாத்துட்டுத் திருப்பித் தாறாங்க. எனக்கே பாவமா இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பசறை, ஹாலிஎல, எல்ல ஆகிய ஊர்களின் பக்கத் தோட்டத்துப் பெண்கள். தங்கச்சியோ, ஓர்டர் வந்த அன்றே தைத்து அடுத்த நாளே அனுப்பிவிடுவாள். சீக்கிரம் அனுப்பினால் நல்ல பெயர் கிடைக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் சம்பள நாள் நினைவுக்கு வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பாஸ்போர்ட் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. ஒரு சம்பளம் பார்த்துவிடலாம் என்று அவளைக் கெஞ்சினேன். வந்த ஓர்டரை எல்லாம் தைத்து வைத்துக்கொண்டோம். ஒவ்வொருத்தியையும் மாலையில் போனில் அழைத்து, "பத்தாம் தேதிக்கு மேல வரும், எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டோம். தயங்கியவர்களை விட்டுவிட்டோம். கூரியர் பையன், மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வந்து கொடுப்பதாகச் சொன்னான். எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் அது. நன்றி அட்டையை நிறுத்தச் சொன்னேன், அதற்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டெலிவரிக் காசைத் தனியாகக் கேட்டும் பார்த்தோம். பத்துப் பேரில் ஆறு பேர் அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார்கள். பழையபடி ஃப்ரீ என்று போட்டோம்.

அந்த மாதம் நாற்பத்து நான்கு அனுப்பினோம். மூன்றுதான் திரும்பி வந்தது, மூன்றும் நனையாமல். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் முதலாளிக்குத் தெரியாமல் மேசைக்கு அடியில் போனை வைத்துக் கணக்குப் போட்டேன். எல்லாம் போகப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒரு பார்சலுக்கு இருநூற்று எழுபது. அறுபத்து நான்கு எங்கே, இருநூற்று எழுபது எங்கே. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தேன்.

லயத்துக்குப் போய்ச் சொன்னபோது அவளும் சிரித்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"அப்ப இருபத்தஞ்சாயிரத்துக்கு எத்தன அனுப்பணும்?"

அந்தக் கேள்வியை நான் போட்டுப் பார்த்திருக்கவில்லை. போட்டுப் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. அங்கேயே வகுத்தேன். தொண்ணூற்று மூன்று.

அவள் மெஷினைப் பார்த்தாள். "சமைச்சு, துவைச்சு, பிள்ளையப் பாத்து, இந்த நாப்பத்து நாலு தைக்கவே எனக்கு இடுப்பு போச்சு. ஐம்பதுக்கு மேல என்னால முடியாதுக்கா." பிறகு, "கூலிக்கு ஆள் வச்சா?" என்றாள். ஒன்றுக்கு இருநூறு கூலி கொடுத்தால் அவளுக்கு எழுபதுதான் மிஞ்சும். அதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க என் வாய்க்குத் தெரியவில்லை.

"விலைய ஏத்தலாம்டி" என்றேன்.

"ஏத்தி? கொழுந்து எடுக்குறவ எவ்வளவுதான் குடுப்பா?"

பிள்ளை பொம்மையோடு வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. அவள் அதன் தலையைக் கோதிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீ ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாமேக்கா. எண்ணூறுன்னு நெனச்சுக்கிட்டே நான் இங்கேயே கெடந்திருப்பேன்."

கெடந்து, கடன் ஏறி, ஒரு வருடம் கழித்து இதைவிட மோசமாகப் போயிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கணக்கை ஏன் போட்டோம் என்று அன்றிரவு அழுதேன். கணக்கு தப்பாக இருந்திருந்தால் அவளைச் சமாதானம் செய்திருப்பேன். அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாதக் கடைசியில் அவள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். பிள்ளை இப்போது என்னோடு பதுளையில் இருக்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். அவளிடமிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, தவணை நிற்காமல் போகிறது. போனில் பேசும்போது பிள்ளை முதலில் கூச்சப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பிறகுதான் பேசுகிறது.

பேஸ்புக் பக்கத்தை மூட எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள், பழைய வாடிக்கை. மலைக்குப் போட்டுக்கொண்டு போக இன்னும் இரண்டு வேண்டுமாம், தையல் பிரியவே இல்லையாம், இந்தத் தடவை டெலிவரிக் காசையும் அவளே கொடுத்துவிடுவாளாம். தைக்க ஆள் இல்லை என்று பதில் எழுதினேன்.