அண்ணனிடம் சொன்னதும் ஊருக்குச் சொல்வதும்

நீள வாக்கியம் எழுதவே தெரியாதவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பேர் வைத்திருந்தார்கள். நாளடைவில் அது தேய்ந்து ‘புள்ளி’ ஆகிவிட்டது. வீட்டுக்கே முதல் பட்டதாரி. தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் செய்கிற சின்னக் கம்பெனியில் விளம்பரமும் அறிவிப்பும் எழுதுவது அவள் வேலை. படித்த படிப்புக்கு இதுதானா என்று அவ்வப்போது தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் கிடைப்பதற்குள் போன் அடித்துவிடும்.

அன்று காலை ஒரு வாடிக்கையாளரின் வீடியோ போனுக்குப் போன் பரவிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கையில் மூடியின் கொக்கி விட்டுப்போய், சுடுநீர் சமையல் மேடை முழுக்கத் தெறிக்கிறது. நல்லவேளை, அந்தப் பெண் தள்ளி நின்றிருந்தாள். புள்ளி முதலில் அவளைக் கூப்பிட்டு நலம் விசாரித்து, அவள் திட்டியதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு, கெட்டிலின் எண்ணை வாங்கினாள். ஏழாவது தடவையாகச் செய்த தொகுதி, ஏழாம் பேட்ச். பரிசோதனைக்கூடத்துக்காரர் அதே பேட்சில் சிலவற்றைக் கொதிக்கவிட்டுப் பார்த்தார். கொக்கி தளர்ந்தது. முதலாளியம்மா ஏழாம் பேட்சைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் அறிவிப்பு வேண்டும் என்றார். மௌனமாக இருந்தால் மறைக்கிறோம் என்று ஆகிவிடும். பல வருஷமாகச் சேர்த்த பேர் ஒரே நாளில் போய்விடும்.

கம்பெனி வக்கீல் ஒன்றைச் சொன்னார், அது நியாயமாகவும் இருந்தது: காரணம் தெரியாமல் கொக்கி செய்து தந்தவர் மேல் பழி போடாதே. இன்னொன்றையும் சொன்னார்: ‘மற்ற கெட்டில்கள் முற்றிலும் பாதுகாப்பானவை’ என்று சேர்த்துக்கொள். எட்டாம் பேட்சிலும் அதே கொக்கிதான். அதன் சோதனை இன்னும் முடியவில்லை. ஆனாலும் புள்ளி சேர்த்துக்கொண்டாள். முடித்து வைக்கிற மாதிரி ஒரு வரி, எழுதும்போது இதமாகத்தான் இருந்தது.

எந்த அறிவிப்பையும் வெளியிடுமுன் அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டுவது அவள் வழக்கம். அண்ணன் பஸ் டிரைவர். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஆள். அவர் வீட்டிலும் இதே கெட்டில்தான். ‘அடிப்பக்கம் உள்ள எண்ணைப் பாருங்கள்’ என்று வாசித்ததும் மறுமுனையில் சளப்பென்று ஒரு சத்தம்.

“என்னண்ணா?”

“கவுத்துப் பாருன்னு நீதானே சொன்னே? தண்ணி இருந்துச்சு. ஆறிப்போன தண்ணிதான், பயப்படாத. காலு மட்டும் குளிச்சிருச்சு.”

அவளுக்குச் சிரிப்பும் திகிலும் ஒன்றாக வந்தன. சுடுதண்ணீராக இருந்திருந்தால்? பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, தண்ணீரைக் கொட்டிய பிறகு திருப்பிப் பாருங்கள் என்று உடனே எழுதிச் சேர்த்தாள்.

அண்ணன் எண்ணைப் படித்தார். எட்டாம் பேட்ச். “அப்ப நம்மளுது நல்லதுதானே? உங்க அண்ணி டீ கேட்டுட்டிருக்கா.”

“வேண்டாம்ணா. ஓரமா வை. அடுப்புல வெச்சுக்க” என்று வாய் முந்திக்கொண்டது.

போனை வைத்த பிறகு அவள் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கைக்கு ஆகாதது ஊரார் கைக்கு மட்டும் ஆகுமா? காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள்.

“அம்மா, எங்கண்ணன்கிட்ட எட்டாம் பேட்ச் வேண்டாம்னு சொல்லிட்டேன். இதுல பயமில்லன்னு எழுதியிருக்கேன். ரெண்டுல ஒண்ணு பொய்.”

முதலாளியம்மா பரிசோதனைக்கூடத்துக்காரரை அழைத்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, எட்டாம் பேட்ச் நல்லதென்று இப்போதைக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். எட்டையும் நிறுத்தினால் கடைக்காரர்கள் காய்ச்சி எடுத்துவிடுவார்கள் என்று வக்கீல் இழுத்தார். முதலாளியம்மா காகிதத்தை வாங்கி அந்தக் கடைசி வரியை அடித்தார்.

“உங்கண்ணனுக்குச் சொன்னதையே எல்லாருக்கும் எழுதிடு” என்றார்.

மதியம் அறிவிப்பு வெளியானது. ஏழாம் பேட்சில் குறை இருக்கிறது. பயன்படுத்தாதீர்கள், மாற்றித் தருகிறோம் அல்லது பணம் திருப்பித் தருகிறோம். எட்டாம் பேட்ச் பற்றி எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரை அதையும் ஓரமாக வையுங்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கீழே போன் எண். வீடியோ எடுத்த பெண்ணுக்கு அதை முன்னதாகவே அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் அதைத் தன் வீடியோவின் கீழே போட்டுவிட்டாள்.

திட்டு வராமல் இல்லை. சாயங்காலம்வரை போன் ஓயவில்லை. வக்கீல் சொன்னபடியே கடைக்காரர்களும் காய்ச்சினார்கள். ஆனால் ‘மறைச்சிட்டீங்களே’ என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே சோதனை முடிந்தது. எட்டாம் பேட்சின் கொக்கிகள் திடமாக நின்றன. வீணாக நிறுத்தினோமே என்று வக்கீல் முணுமுணுத்தார். புள்ளிக்கும் உள்ளே ஒரு குறுகுறுப்புதான். எப்படிச் சோதித்தோம் என்பதையும் சேர்த்து, பயன்படுத்தலாம் என்று எழுதி வெளியிட்டாள்.

முதல் அழைப்பு ஒரு நடுத்தர வயதுக் குரல்.

“எட்டாம் பேட்சு நல்லதுன்னு போட்டிருக்கீங்களே, நிஜமாம்மா?”

“நிஜம்தாங்க.”

“தெரியலன்னா தெரியலன்னுதானே அன்னிக்குச் சொன்னீங்க. சரி, தண்ணி வெக்கிறேன்.”

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். குழாய் திறக்கும் சத்தம் வந்தது, பிறகு சுவிட்ச் போடும் சத்தம். புள்ளி, தண்ணீர் கொதிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.